12 வோல்ட் 100 ஏஎச், 24 வோல்ட் 50 ஏஎச்: எதில் எவ்வளவு மின்சாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி, 24 வோல்ட் 50 ஏஎச் பேட்டரி, இரண்டில் எதில் அதிகம் சேமிக்கலாம்?

இரண்டிலும் ஒரே அளவுதான். வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

```
12 V × 100 Ah = 1200 Wh
24 V ×  50 Ah = 1200 Wh
```

ஆயிரம் வாட்-மணி என்பது இபி மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட். ஆக இந்த இரண்டு பேட்டரியிலும் காகிதக் கணக்குப்படி இருப்பது 1.2 யூனிட். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

100 என்பது 50-ஐப் போல இரண்டு மடங்காச்சே, அப்புறம் எப்படிச் சமம்?

ஏஎச் என்பது எத்தனை ஆம்பியர் எத்தனை மணி நேரம் வரும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த ஒவ்வொரு ஆம்பியரும் எந்த வோல்ட்டில் வருகிறது என்பது அதில் இல்லை. 12 வோல்ட்டில் வரும் ஓர் ஆம்பியர் 12 வாட் வேலை செய்யும், 24 வோல்ட்டில் வரும் ஓர் ஆம்பியர் 24 வாட் வேலை செய்யும். நாற்பதுக்கு முப்பது மனையும் அறுபதுக்கு இருபது மனையும் 1200 சதுர அடிதான். ஒரு பக்கத்து அளவை மட்டும் சொல்லி யாரும் மனை விற்பதில்லை, ஆனால் பேட்டரியை அப்படித்தான் விற்கிறார்கள்.

பவர் பேங்கில் இதே குழப்பம் இன்னும் மோசம். 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு, அதாவது 37 வாட்-மணி. போனுக்குப் போவது 5 வோல்ட்டில் என்பதால், மாற்றத்தில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் வெளியே வருவது 6,000 சொச்சம்தான். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் வாட்-மணி போட்டிருப்பார்கள். பேட்டரி எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

என் வீட்டில் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓடும்?

ஒரு சாதாரண வீட்டைக் கணக்கு போடுவோம். பழைய சீலிங் ஃபேன் இரண்டு, தலைக்கு 75 வாட். எல்இடி ட்யூப் லைட் இரண்டு, தலைக்கு 20 வாட். இன்டர்நெட் ரௌட்டர் 10 வாட். மொத்தம் 200 வாட்.

1200-ஐ 200-ஆல் வகுத்து ஆறு மணி நேரம் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். அந்த ஆறு மணி நேரம் ஒருநாளும் வராது. காரணம் இரண்டு. முதலாவது, பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட் ஏசியாக மாற்றும்போது இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்றுவிடும். 85 சதவீதம் வெளியே வருகிறது என்று வைத்தால், 200 வாட் லோடுக்குப் பேட்டரியிலிருந்து 235 வாட் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது சுமார் 20 ஆம்பியர், 24 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர்.

இரண்டாவது, பேட்டரியில் எழுதியிருக்கும் 100 ஏஎச் எந்த வேகத்தில் எடுத்தாலும் கிடைக்கிற அளவு இல்லை. லேபிளில் சி20 என்று பொடியாக இருக்கும். 20 மணி நேரம் நிதானமாக, 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 100 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். சோலார் பேட்டரிகளில் சி10 என்று போட்டிருப்பார்கள், அது 10 மணி நேரக் கணக்கு. நம் வீட்டு லோடு 20 ஆம்பியர் என்பதால் சி20 பேட்டரி 100-க்குப் பதில் 80-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். 80-ஐ 20-ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம்.

24 வோல்ட் 50 ஏஎச் பக்கம் பாருங்கள். 50-க்குப் பதில் 40 கிடைக்கும், எடுப்பது 10 ஆம்பியர். அதே நான்கு மணி நேரம். இதுவும் பேட்டரி புதிதாக, முழு சார்ஜில் இருந்தால்தான். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரிக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கூடுதல் நேரம் வேண்டுமென்றால் வோல்ட்டை மாற்றுவதைவிட ஃபேனை மாற்றுங்கள். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு போட்டால் லோடு 110 வாட்டாக இறங்கும். பேட்டரியிலிருந்து மெதுவாக எடுப்பதால் கிடைக்கும் ஏஎச்சும் ஏறும். அதே பேட்டரி ஏழரை, எட்டு மணி நேரத்தைத் தொடும்.

24 வோல்ட்டில் ஆம்பியர் பாதிதானே போகிறது, அப்போ பேட்டரி மெதுவாகத்தானே தீரும்?

இப்படி நினைப்பவர்கள் நிறைய. இதற்கு பியூகெர்ட் விதியையும் துணைக்கு அழைப்பார்கள். லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து வேகமாக எடுத்தால் மொத்தத்தில் குறைவாகவே கிடைக்கும் என்று 1897-லேயே அந்த ஜெர்மானியர் சூத்திரமாகச் சொல்லிவிட்டார். ஆம்பியர் குறைந்தால் அதிகம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் குறைவு என்று சொல்வது அந்தப் பேட்டரியின் அளவோடு ஒப்பிட்டுத்தான். 100 ஏஎச்சிலிருந்து 20 ஆம்பியர் என்பது ஐந்தில் ஒரு பங்கு. 50 ஏஎச்சிலிருந்து 10 ஆம்பியர் என்பதும் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் ஈயத் தகட்டுக்கு இரண்டும் ஒரே சிரமம்தான், அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இன்னும் சந்தேகமா? ஒரே மாதிரி 12 வோல்ட் 50 ஏஎச் பேட்டரி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து பேரலலில் கட்டினால் 12 வோல்ட் 100 ஏஎச். அதே இரண்டை அவிழ்த்து, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்து சீரிஸில் கட்டினால் 24 வோல்ட் 50 ஏஎச். ஈயமும் ஆசிட்டும் எடையும் மாறவில்லை, மாறியது மேலே போடுகிற இணைப்பு வயர்தான். எந்தக் கட்டிலும் 200 வாட் லோடுக்கு ஒவ்வொரு பேட்டரியும் தருவது 10 ஆம்பியர்தான்.

24 வோல்ட் போட்டால் வயரில் வீணாவது குறையும் என்கிறார்களே, அதனால் பேக்கப் கூடுமா?

வீணாவது குறையும், நான்கில் ஒன்றாகவே குறையும். வயரில் சூடாகப் போகும் வாட் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் நஷ்டம் கால்தான். ஆனால் அதனால் பேக்கப் கூடுமா என்று கேட்டால், கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே இரண்டு மீட்டர் தூரம், 10 ஸ்கொயர் காப்பர் வயர். போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், மொத்தம் நான்கு மீட்டர். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 7.6 மில்லி ஓம். 200 வாட் லோடில் 12 வோல்ட் அமைப்பில் வயரில் போவது 3 வாட். 24 வோல்ட்டில் முக்கால் வாட். நான்கு மணி நேரத்துக்குச் சேர்த்தால் வித்தியாசம் 9 வாட்-மணி. அதில் உங்கள் வீடு கூடுதலாக ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஆக ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடுகிற வீட்டில் இந்தக் காரணத்துக்காக 24 வோல்ட்டுக்கு மாற வேண்டியதில்லை. லோடு ஏறும்போது கதை வேறு.

மிக்ஸி போட்டால் மட்டும் இன்வெர்ட்டர் லோ பேட்டரி என்று கத்துகிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதே?

சேமிப்பு சமமாக இருந்தும் எடுக்க முடிவது சமமாக இல்லாமல் போவது இங்கேதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அதே வயர், அதே தூரம். 550 வாட் மிக்ஸி, இரண்டு ட்யூப் லைட், ரௌட்டர் எல்லாம் சேர்த்து 600 வாட். இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு பேட்டரியிலிருந்து போவது 706 வாட். 12 வோல்ட்டில் 59 ஆம்பியர், 24 வோல்ட்டில் 29 ஆம்பியர். வயரில் 12 வோல்ட் அமைப்பு இழப்பது 0.45 வோல்ட், 24 வோல்ட் அமைப்பு இழப்பது 0.22 வோல்ட்.

இன்வெர்ட்டர் தன் டெர்மினலில் வந்து சேரும் வோல்ட்டேஜை மட்டுமே பார்க்கும். 12 வோல்ட் இன்வெர்ட்டர் வழக்கமாக 10.5-ஐ ஒட்டி கட்-ஆஃப் ஆகும். வயரில் 0.45 போய்விட்டதால், பேட்டரி முனையில் 10.95 இருக்கும்போதே இன்வெர்ட்டருக்கு 10.5 தெரிகிறது, நிறுத்திவிடுகிறது. 24 வோல்ட் அமைப்பில் கட்-ஆஃப் 21. வயரில் 0.22 போனால் பேட்டரி முனையில் 21.22, அதாவது ஒரு பேட்டரிக்கு 10.61. கடைசிவரை இறங்கி எடுத்துக்கொள்ள முடிகிறது. உள்ளே மிச்சமிருப்பதை எடுக்க விடாமல் 12 வோல்ட் வழியில் மறித்துக்கொள்கிறது.

இதுகூட நல்ல வயர், நல்ல இணைப்பு இருந்தால். டெர்மினல் லூசாக இருந்தாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தாலோ, வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தாலோ அந்த ஒரே இடத்தில் 10 மில்லி ஓம் சேர்ந்துவிடும். 59 ஆம்பியரில் அங்கே மட்டும் 35 வாட் சூடு, கூடவே இன்னொரு 0.6 வோல்ட் காலி. லக்கை ஒட்டிய பிளாஸ்டிக் உறை கறுப்பதும் இளகுவதும் இதனால்தான். அதே மோசமான இணைப்பு 24 வோல்ட்டில் இருந்தால் சூடு 9 வாட்டுக்குள் நிற்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் கொம்பின் மேலேயே வையுங்கள், லக்கின் மேல் அல்ல. இன்னொரு முள் இன்வெர்ட்டரின் பிளஸ் டெர்மினலில். ஒருவரை மிக்ஸி போடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். மேலே சொன்ன வயரில் ஒரு பக்கத்துக்கு 0.22 வோல்ட் காட்டினால் சரி. 0.6, 0.8 என்று வந்தால் இடையில் ஏதோ இணைப்பு கெட்டிருக்கிறது. முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினால் எது என்று தெரிந்துவிடும். மைனஸ் பக்கத்துக்கும் இதே சோதனைதான், முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிடுவார்கள்.

12 வோல்ட்டில் 600 வாட் எடுப்பதாக இருந்தால் 10 ஸ்கொயர் போதாது, 16 ஸ்கொயர் போடுங்கள். அப்புறம் பேட்டரியை இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வயர் நீளம் குறைவதைப் போன்ற மலிவான வைத்தியம் வேறு இல்லை.

என்னிடம் 12 வோல்ட் 50 ஏஎச் இரண்டு இருக்கிறது, சீரிஸா பேரலலா?

முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். அது 12 என்றால் பேரலல், 24 என்றால் சீரிஸ். அதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. இன்வெர்ட்டரையும் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேட்டரியும் சமமாக இருக்கும்வரைதான் இரண்டு கட்டும் சமம்.

ஒன்று தளர்ந்து 45 ஏஎச்சுக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். பேரலலில் 45-உம் 50-உம் கூடி 95 ஏஎச், 12-ஆல் பெருக்கினால் 1140 வாட்-மணி. சீரிஸில் ஒரே ஆம்பியர்தான் இரண்டிலும் ஓடுகிறது என்பதால் 45-இல் கதை முடிந்தது. 24-ஆல் பெருக்கினால் 1080. நல்ல பேட்டரியில் மிச்சமிருக்கும் 5 ஏஎச் சும்மா கிடக்கும்.

அந்த 60 வாட்-மணி போவதுகூடப் பெரிதில்லை. இன்வெர்ட்டர் மொத்த வோல்ட்டேஜை மட்டுமே பார்ப்பதுதான் வம்பு. அது 21 என்று பார்க்கும் நேரத்தில் உள்ளே ஒன்று 11.4, இன்னொன்று 9.6 என்று இருக்கலாம். 9.6-க்கு இறங்கிய பேட்டரி ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெடும். திரும்ப சார்ஜ் ஆகும்போது நல்லது முன்னாலேயே நிரம்பி, தண்ணீரைக் கொதிக்க விடும், தளர்ந்தது முழுதாக நிரம்பாமலேயே நிற்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பேட்டரியில் மட்டும் அடிக்கடி குறைந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாதம் ஒருமுறை, லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். கால் வோல்ட், அரை வோல்ட் என்று வித்தியாசம் விழ ஆரம்பித்தால் தளர்ந்ததைத் தனியே கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பேரலலில் கட்டுபவர்கள் இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ்ஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டினால் பக்கத்தில் இருப்பதே அதிகம் உழைத்துச் சீக்கிரம் போய்விடும்.

24 வோல்ட் செட்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் லைட்டுக்கு எடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன ஏற்றத்தாழ்வை நாமே உண்டாக்கியது போல ஆகும். 24-ஐ 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் விற்கிறது, அதைப் போடுங்கள்.

வீட்டில் இருக்கும் 12 வோல்ட் 100 ஏஎச்சோடு ஒரு 12 வோல்ட் 50 ஏஎச் வாங்கி சீரிஸில் கட்டினால்?

24 வோல்ட் 50 ஏஎச்தான் கிடைக்கும். 1800 வாட்-மணிக்குக் காசு கொடுத்துவிட்டு 1200-ஐ எடுப்பீர்கள். சின்னது காலியாகும்போது பெரியது பாதி நிரம்பியே இருக்கும், சின்னது எதிர்த்திசையில் ஏறும் அளவுக்குக்கூடப் போகலாம்.

சார்ஜ் ஏற எதற்கு நேரம் அதிகம்?

சார்ஜர் எத்தனை வாட் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. 10 ஆம்பியர் சார்ஜர் 24 வோல்ட் 50 ஏஎச்சைப் பாதி நேரத்தில் நிரப்புகிறது என்றால், அது சுவரிலிருந்து இரண்டு மடங்கு வாட் இழுக்கிறது. பேட்டரிக்கு அதில் தனித் திறமை ஒன்றும் இல்லை.

24 வோல்ட் உண்மையிலேயே காசை மிச்சப்படுத்துவது சோலாரில். சோலார் கன்ட்ரோலரை ஆம்பியர் கணக்கில் விற்கிறார்கள். 250 வாட் பேனலுக்கு 12 வோல்ட் பேட்டரி என்றால் 20 ஆம்பியர் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வேண்டும், 24 என்றால் அதில் பாதி, 10 ஆம்பியர் போதும். பேனலை நாளைக்குக் கூட்ட நினைப்பவர்கள் இன்றே 24-இல் ஆரம்பிப்பது நல்லது என்பேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 36 செல் உள்ள சின்னப் பேனல் ஒன்று 18 வோல்ட்டை ஒட்டித்தான் கொடுக்கும், அது 24 வோல்ட் பேட்டரியை ஏற்றாது. இரண்டு பேனலை சீரிஸில் போட வேண்டும்.

12 வோல்ட் இன்வெர்ட்டரில் 24 வோல்ட் பேட்டரியை மாட்டினால் சமாளிக்குமா?

சமாளிக்காது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாகங்கள் அந்த நிமிடமே போய்விடும். எதிர்ப்பக்கமாக, 24 வோல்ட் இன்வெர்ட்டரில் 12 வோல்ட் பேட்டரி மாட்டினால் லோ பேட்டரி என்று சொல்லி ஓடாமல் நிற்கும்.

லித்தியத்திலும் இதே கணக்குதானா?

பெருக்கல் அதேதான், எண் மட்டும் கொஞ்சம் மாறும். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8, எட்டு சேர்ந்தால் 25.6. அதனால் 12.8 வோல்ட் 100 ஏஎச்சும் 25.6 வோல்ட் 50 ஏஎச்சும் தலைக்கு 1280 வாட்-மணி. வேகமாக எடுத்தாலும் ஏஎச் அவ்வளவாகக் குறையாது என்பதால், மேலே போட்ட 200 வாட் வீட்டுக் கணக்கில் லெட்-ஆசிட் நான்கு மணி நேரம் கொடுத்த இடத்தில் இது ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். பழைய சார்ஜரை அப்படியே மாட்டாதீர்கள், லித்தியத்துக்கான செட்டிங் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

லித்தியத்தில் சேமிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டியது உள்ளே இருந்து செல்களைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் எத்தனை ஆம்பியர் விடும் என்பதை. 12.8 வோல்ட் பேட்டரியில் 50 ஆம்பியர் பிஎம்எஸ் இருந்தால் ஒரே நேரத்தில் 640 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. 706 வாட் கேட்கும் நம் மிக்ஸி லோடுக்கு அது போதாது, ஓடும்போதே பேட்டரி தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அதே 50 ஆம்பியர் பிஎம்எஸ் 25.6 வோல்ட்டில் 1280 வாட் விடும். லேபிளில் ஏஎச்சுக்குக் கீழே தொடர் டிஸ்சார்ஜ் கரண்ட் என்று ஒரு வரி இருக்கும். கடையில் அதைப் படித்து, வோல்ட்டால் பெருக்கி, வீட்டில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அதிகபட்ச லோடோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். 12 வோல்ட் 100 ஏஎச் வாங்குபவர்கள் குறைந்தது 100 ஆம்பியர் பிஎம்எஸ் கேட்டு வாங்க வேண்டும்.